அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கிய சோறு

பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஊர் முருகன் கோயிலின் பின்புறக் கொட்டகையில் சுமார் அறுநூறு பேருக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் தயாராகும். சமைப்பவர்கள் தொழில்முறைச் சமையற்காரர்கள் அல்லர். ஆசிரியர், மின்வாரிய ஊழியர், மளிகைக் கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று கலந்த தொண்டர் குழு அது. ஆண்டுதோறும் அவர்களுக்குச் சமையற்கூட விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கைகழுவுதல், தலைமுடியைக் கட்டுதல், ஈக்களைத் தடுத்தல் போன்றவற்றை யாரும் மறுப்பதில்லை. அவை கண்ணுக்குத் தெரிகின்றன. வடித்த சோறு எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம் என்ற கேள்விதான் கண்ணுக்குத் தெரியாதது. அன்னதானத்தில் வயிற்றுக் கோளாறு வந்தது என்று கேள்விப்படும் இடங்களில் நான் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் சோற்றையும் நேரத்தையும் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அரிசி வயலிலிருந்து வருவது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் ஒட்டிக்கொண்டே வருகின்றன. எத்தனை முறை களைந்தாலும் அவை முழுவதும் போவதில்லை. கொதிநீரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இறந்துவிடும், ஆனால் கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் இந்த வித்துகள் கொதியைத் தாங்கிக்கொள்ளும். சொல்லப்போனால் அந்தச் சூடே அவற்றை எழுப்பிவிடுகிறது. சோறு அறுபது டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும் வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. முப்பது முதல் நாற்பது டிகிரி வரையிலான சூடு அவற்றுக்கு மிகவும் உகந்தது. பெருகும்போது அவற்றில் சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சோற்றுக்குள்ளேயே சுரக்கின்றன. அந்த நச்சு உருவாகிவிட்டால் மறுபடி சூடாக்குவதால் பயனில்லை. கொதிநிலையைக் காட்டிலும் மிகுந்த சூட்டையும் அது தாங்கும். "எதற்கும் ஒருமுறை சூடுபண்ணிவிடலாம், அண்ணே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்ப விளக்குவது இதைத்தான். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் வாந்தியால் அவதிப்பட்ட நிகழ்வுகள்தான் இந்தப் பாக்டீரியாவைப் பரவலாக அறியச் செய்தன. அங்கும் நடந்தது இதுவே. சோற்றை முன்கூட்டியே வடித்து, வெளியிலேயே வைத்திருந்து, பிறகு எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டிப் பரிமாறியிருக்கிறார்கள்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வெதுவெதுப்பான சோற்றில் இந்தப் பாக்டீரியா சுமார் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் சோற்றில் நூறு இருந்தால், இரண்டு மணி நேரத்தில் அது 1,600 ஆகும். நான்கு மணி நேரத்தில் 25,600 ஆகும். ஆறு மணி நேரத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டும். கிராமுக்கு லட்சம் என்ற அளவை எட்டியதிலிருந்துதான் நச்சைப் பற்றிய அச்சம் தொடங்குகிறது. முளைத்தெழ எடுத்துக்கொள்ளும் சிறிது நேரத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை; அந்தச் சலுகையைத் தொண்டர்களுக்குக் கொடுக்க விருப்பமில்லை. நாங்கள் வைத்திருக்கும் விதி இதிலிருந்து வந்ததுதான்: அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கிய நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சோறு வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும், பாலும் தயிரும் சேர்ந்ததாக இருந்தால் இரண்டு மணி நேரம்.

பெரிய சமையற்கூடங்களுக்கான அயல்நாட்டுக் கையேடுகளில் வேறொரு விதி இருக்கும். சூடான உணவை இரண்டு மணி நேரத்துக்குள் இருபத்தொரு டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் ஐந்து டிகிரிக்கும் குளிர்விக்க வேண்டும் என்பது அது. குளிர் அறை உள்ளவர்களுக்கு அது நல்ல விதி. பங்குனி வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, காற்றே முப்பத்தைந்து டிகிரியில் வீசும்போது சோறு இருபத்தொன்றுக்கு எப்படி இறங்கும்? நம் ஊரில் "சோறு நன்றாக ஆறிவிட்டது" என்றால், பாக்டீரியாவுக்கு மிக வசதியான சூட்டில் வந்து நின்றுவிட்டது என்று பொருள். ஆகவே குளிரவைத்துக் காப்பது என்ற வழி நமக்குக் கிடையாது. இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, அறுபதுக்கு மேலேயே வைத்திருப்பது. மற்றொன்று, பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிச் சமைப்பது.

முதல் வழி சாம்பார்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் ஏற்றது. பத்துக் கிலோ அரிசியில் செய்த பொங்கலை அண்டாவிலேயே இறுக மூடி, மேலே கனத்த சாக்கைப் போர்த்தி, அடியில் தணல் போட்டுவிட்டால் அது வெகு நேரம் அறுபதுக்கு மேலேயே நிற்கும். பெரிய அளவு என்பது ஆறவைப்பதற்குத்தான் தடை. சூட்டைக் காப்பதற்கு அதுவே துணை. புதிதாக அன்னதானம் தொடங்கும் குழுவினர் என்னிடம் யோசனை கேட்டால், முதல் ஆண்டில் புளியோதரையும் தயிர்சாதமும் வேண்டாம், சாம்பார்சாதம் போடுங்கள் என்றுதான் சொல்வேன். புளியோதரை பொலபொலவென்று வர வேண்டுமானால் சோற்றைப் பரப்பி ஆறவிட்டே ஆக வேண்டும், தயிர்சாதத்தைச் சூடாக வைக்கவே முடியாது. அந்த இரண்டுக்கும் கடிகாரம்தான் காவல்.

எங்கள் கொட்டகையில் முன்பு இருந்த வழக்கம், பல ஊர்களில் இன்றும் இருப்பதுதான். நள்ளிரவுக்குப் பிறகு அடுப்பு மூட்டி, விடியற்காலை நான்கு மணிக்குள் அத்தனை அரிசியையும் வடித்து, ஆறு மணிக்குள் கலந்து, எட்டு மணிக்குள் பொட்டலம் கட்டி முடித்துவிடுவார்கள். பத்து மணி அபிஷேகத்தை நிம்மதியாகப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அன்னதானம் தொடங்குவதோ பகல் பன்னிரண்டு மணிக்கு. முதல் கவளமே எட்டு மணி நேரத்துக்கு முன் வடித்த சோறு. கடைசிப் பந்திக்குப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

இப்போது நாங்கள் செய்வதை முறையாகச் சொல்கிறேன். கலந்த சாதத்துக்கு ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்கு என்பது எங்கள் கணக்கு. அறுநூறு பேருக்கு அறுபது கிலோ. அதில் நாற்பது புளியோதரைக்கு, இருபது தயிர்சாதத்துக்கு. முதல் நாள் மாலையில் செய்து முடித்துவிடக்கூடிய பெரிய வேலை ஒன்றுதான், அது புளிக்காய்ச்சல். புளிக்கரைசலை எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கவைத்துச் சுண்டவைப்பதால் அதில் ஈரம் குறைந்து, புளிப்பும் உப்பும் மிகுந்துவிடுகின்றன. பாக்டீரியா அதில் எளிதில் தழைக்காது. நன்கு உலர்ந்த எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வைத்தால் மறுநாள் வரை கவலையில்லை. இரவு கண்விழிக்க ஆசைப்படும் தொண்டர்களின் உற்சாகம் முழுவதையும் இந்த வேலைக்குத் திருப்பிவிடலாம். நிலக்கடலையைப் பொறுக்குவதும் அப்போதுதான். சுருங்கியதும் பூசணம் பிடித்ததுமான பருப்பை வறுத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. பூசண நச்சு வறுப்பதால் போவதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு அடுப்புகளில் உலை வைக்கிறோம். எட்டே முக்கால் மணிக்கு ஒவ்வோர் அண்டாவிலும் பத்துக் கிலோ அரிசி. ஒன்பதே கால் மணிக்கு வடித்து, அகன்ற தாம்பாளங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, பத்து மணிக்குள் கலந்துவிடுகிறோம். அந்தச் சோறு ஒன்பதரை மணி வாக்கில் அறுபதுக்குக் கீழே இறங்குகிறது. எனவே அதன் கெடு ஒன்றரை மணி. அது முதல் இருநூறு பேருக்கு ஆகும், பன்னிரண்டே முக்கால் மணிக்குள் தீர்ந்துவிடும். அடுத்த இருபது கிலோ பத்து மணிக்கு உலையில் விழும். அதன் கெடு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. தயிர்சாதத்துக்கான இருபது கிலோவைப் பதினோரு மணிக்கு முன்பு வடிப்பதே இல்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியிலும் சாக்பீஸால் இரண்டு நேரங்களை எழுதிவிடுகிறோம்: வடித்த நேரம், கெடு முடியும் நேரம். பரிமாறுபவருக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. மூடியைப் பார்த்தால் போதும்.

இந்த முறையில் சிலர் அபிஷேகத்தைப் பார்க்க முடியாமல் போகிறது. அதனால் குழுவை இரண்டாகப் பிரித்திருக்கிறோம்; புளிக்காய்ச்சல் குழுவினருக்குக் காலையில் வேலையில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் இடம் மாறுவார்கள்.

சோற்றைப் பரப்பும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டியிலோ கல்யாண மண்டபத்துப் பாயிலோ பரப்புவது நெடுநாள் பழக்கம். ஈரச் சோற்றின் கஞ்சி துணியின் இழைகளில் தங்கிவிடும். அடுத்த தடவை பரப்பும்போது அதே துணி புதுச் சோற்றுக்குப் பழைய பாக்டீரியாவை ஊட்டிவிடும். தாம்பாளத்தைக் கொதிநீர் ஊற்றிக் கழுவலாம். வேட்டியை அப்படி நம்ப முடியாது. மின்விசிறியை அப்போதுதான் தரையிலிருந்து எடுத்து வைத்திருந்தால் அதன் இறக்கைகளை முதலில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓராண்டுத் தூசு முழுவதும் சோற்றில்தான் இறங்கும்.

தயிர்சாதத்தின் சங்கடம் நுட்பமானது. வீட்டில் பயணத்துக்குக் கட்டும்போது, புளித்துவிடக் கூடாது என்று பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைவது வழக்கம். மணி நேரம் செல்லச் செல்லப் பால் தயிராகி, சாப்பிடும் வேளைக்குச் சரியான புளிப்பு வந்துவிடும். நல்ல வீரியமுள்ள தயிராக இருந்தால் புளிப்பு முந்திக்கொண்டு, கெடுக்கும் பாக்டீரியாவைத் தடுத்துவிடும். ஆனால் அறுநூறு பேருக்கான அண்டாவில் எந்தப் பக்கம் முந்துகிறது என்பதைப் பார்க்க வழியில்லை. வெதுவெதுப்பான சோறு, புளிப்பில்லாத பால், நான்கு தொண்டர்களின் கைகள் என்ற மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. எனவே தயிரைக் குறைக்காமல், பாலைக் காய்ச்சி ஆறவைத்து மூடிய பாத்திரத்தோடு ஐஸ் தொட்டியில் இறக்கிவைத்து, பந்தி தொடங்கும் நேரத்தில்தான் கலக்கிறோம். ஐஸ் பாத்திரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பாளம் ஐஸ் மீனுக்காகச் செய்தது, எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பது யாருக்கும் தெரியாது. பானகத்திலும் நீர்மோரிலும் அதை உடைத்துப் போடுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

கைகளைச் சொன்னேன். நம்மில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. கையில் சீழ் வைத்த வெட்டுக்காயம் இருந்தால் அதிலும் அது நிறைந்திருக்கும். அதன் நச்சும் சூட்டுக்கு அசையாதது. இங்கேதான் மடி ஆசாரமும் சுகாதாரமும் ஒன்றல்ல என்பதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகாலையில் குளித்து, ஈர வேட்டியோடு, யாரையும் தொடாமல் வரும் தொண்டர் மடியில் சிறிதும் குறைவில்லாதவர். தேங்காய் துருவும்போது விரலில் பட்ட வெட்டைப் பற்றி அந்த ஆசாரம் எதுவும் சொல்வதில்லை. அதேபோல் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருக்கும். விழா முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. பல நாள் ஈரத்தில் ஊறிய அந்தக் கயிறு கழுவியும் சுத்தமாகாது. காப்புக் கட்டியவர்களுக்கு விறகு, தண்ணீர், பந்தி ஒழுங்கு ஆகிய வேலைகளைக் கொடுத்துவிடுகிறோம். கலக்கும் வேலையில் அவர்கள் இல்லை. மற்றவர்களும் கையால் பிசையாமல் நீண்ட மரத்துடுப்பால்தான் புரட்ட வேண்டும். கையுறை போட்டுவிட்டால் எல்லாம் சரி என்ற எண்ணத்தையும் நான் ஊக்குவிப்பதில்லை. கையுறையோடு கைபேசியை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையால் சோற்றைத் தொடுபவரைவிட, சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவிய வெறுங்கை மேலானது.

இதைவிடக் கடினமானது, வயிற்றுப்போக்கு இருப்பதை ஒருவர் சொல்லாமல் மறைப்பது. நேர்த்திக்கடனுக்காகச் சமைக்க வந்தவர், "உடம்பு சரியில்லை" என்று சொல்லித் திரும்பிப் போக மனம் ஒப்ப மாட்டார். ஆகவே "யாருக்காவது வயிறு சரியில்லையா?" என்று கூட்டத்தில் பொதுவாகக் கேட்பதில்லை, ஒவ்வொருவரையும் தனியே அழைத்து விசாரிக்கிறோம். அப்படி இருப்பவருக்குச் செருப்புக் காக்கும் இடத்தில் ஓர் இருக்கை தயாராக இருக்கும். அதுவும் தொண்டுதான் என்று குருக்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நின்று இரண்டு நாள் ஆன பிறகே அவர் சமையல் பக்கம் வரலாம்.

நைவேத்தியம் ஆகும்வரை சுவைத்துப் பார்க்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது என்பது கோயில் சமையலின் விதி. வீட்டில் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் இரண்டு கருவிகளும் இங்கே கிடையாது. உண்மையில் அவை இருந்தாலும் பயன் குறைவு. சோறு நூல் நூலாக இழுத்து, புளித்த வாடை அடிக்கும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆனால் நான் மேலே சொன்ன நச்சுகளுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அதனால் கம்பி போன்ற முனையுள்ள வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். சாமிக்குப் படைக்கும் பாத்திரத்தில் அதை இறக்க மடப்பள்ளியில் ஒப்பவில்லை, அது நியாயமும்கூட. அந்தச் சிறு பாத்திரம் தனியே சமைக்கப்படுகிறது. வெப்பமானி அன்னதான அண்டாக்களுக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் முனையைக் கொதிநீரில் முக்கியெடுத்து, அண்டாவின் நடுவில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஆறியிருக்கும் சோறு நடுவில் ஐம்பது டிகிரியில் இருக்கும். காலையில் அதை உடைத்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்கிறோம். தீபாராதனை முடிந்ததும் படைத்த பிரசாதத்தைப் பெரிய அண்டாவில் சேர்ப்பது மரபு. அபிஷேகம் நீண்டு அந்தப் பாத்திரம் வெகு நேரம் காத்திருக்க நேர்ந்தால், அதை அண்டாவில் கலக்காமல், அங்கேயே தீர்த்தத்தோடு ஆளுக்குச் சிறிதாகக் கொடுத்துவிடும்படி குருக்களிடம் முன்பே பேசி வைத்திருக்கிறோம்.

பாத்திரங்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு உபயமாக வந்த பித்தளை, செம்பு அண்டாக்களில் ஈயப்பூச்சு தேய்ந்து செம்மை தெரிந்தால் புளியோ தயிரோ அதில் படக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்துவிடும், சாப்பிட்டவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். பூசுபவர் பயன்படுத்துவது வெள்ளீயமா காரீயமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காரீயம் நஞ்சு.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. பொட்டலம்தான் கவலை. வெதுவெதுப்பான பொட்டலங்களைச் சாக்கில் அடுக்கினால் அவை ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொண்டு மாலைவரை நாற்பது டிகிரியிலேயே இருக்கும். வாங்கியவர் அதை வீட்டிலுள்ள பெரியவருக்கு என்று எடுத்துப் போய் இரவில் கொடுப்பார். ஆகவே முன்கூட்டிப் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு, கேட்பவருக்குக் கேட்டபோது வாழையிலையில் கட்டித் தருகிறோம். செய்தித்தாளின் மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையும் அதில் கட்டுவதை வேண்டாம் என்கிறது. தயிர்சாதம் வெளியே போவதில்லை, புளியோதரை மட்டும்தான். இரண்டே முக்கால் மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறோம்; கொடுக்கும் கையும் அதைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் கால் கிலோ எடுத்து, கொதிநீரில் கழுவிய டப்பாவில் அடைத்து, நேரத்தை எழுதிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கிறோம். ஏதாவது நடந்துவிட்டால் எந்த அண்டா என்று சொல்ல வேறு சான்று இருக்காது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் பலருக்கு வாந்தி வந்தால் உணவில் ஏற்கெனவே உருவான நச்சைச் சந்தேகிக்க வேண்டும். மறுநாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்தால் வேறு கிருமியாக இருக்கலாம். எதுவானாலும் முதல் நபரின் செய்தி வந்ததுமே விநியோகத்தை நிறுத்தி, 108க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவித்து, மிச்சத்தைக் கொட்டாமல் வைத்திருக்க வேண்டும். மானம் போய்விடுமே என்று அண்டாவைக் கழுவி வைப்பது மருத்துவரின் கண்ணைக் கட்டுவதாகும். சமய விழாக்களில் உணவு வழங்குவோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகள் சொல்கின்றன. பதிவு செய்திருந்தால் அந்த நேரத்தில் யாரை அழைப்பது என்று தேட வேண்டியிருக்காது.

மீதமாகும் சோறுதான் கடைசிச் சண்டை. அன்னத்தைக் கொட்டுவது பாவம் என்று எங்கள் குழுவில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். கெடு முடிந்த அண்டாவை என் கண் மறைந்ததும் யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகப் பார்ப்பார். அதற்காகச் செய்த ஏற்பாடுதான் சமையலையே தவணைகளாகப் பிரித்து, தயிர்சாதத்தில் கடைசிப் பத்துக் கிலோவைப் பன்னிரண்டரை மணிக்கு வரிசையைப் பார்த்த பிறகு உலையில் போடுவது. கூட்டம் குறைவு என்றால் அந்த அரிசி மூட்டையிலேயே இருந்துவிடும். அப்படியும் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைக்கலாம் என்பார்கள். ஒரே மாட்டுக்கு அண்டாவோடு வைத்துவிட்டால் அதன் வயிற்றில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். புளியோதரையைக் கொடுப்பதே இல்லை. மற்றதில் மாட்டுக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டகைக்குப் பின்னால் முதல் நாளே வெட்டி வைத்த உரக்குழியில் போட்டு மண் மூடுகிறோம்.